மதிப்பு சரிந்தால் பங்கு எவ்வளவு கரையும்?

2021 ஜூனில் ஸ்வீடனைச் சேர்ந்த கிளார்னா நிறுவனத்தின் மதிப்பு 4,560 கோடி டாலர். பொருளை இப்போதே வாங்கிக்கொண்டு பணத்தைப் பிறகு கட்டும் வசதியைத் தரும் நிறுவனம் அது. அடுத்த ஆண்டு ஜூலையில் 80 கோடி டாலர் திரட்டியபோது, அந்தப் பணத்தையும் சேர்த்தே மதிப்பு 670 கோடிதான். சுமார் ஓராண்டில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

முந்தைய சுற்றைவிடக் குறைந்த விலைக்குப் புதிய பங்குகளை விற்பதைத்தான் டவுன் ரவுண்ட் என்கிறார்கள். பழைய முதலீட்டாளர்களுக்கு இதைச் சொல்லி மின்னஞ்சல் எழுத உட்காரும் நிறுவனர், மதிப்பு ஏன் சரிந்தது என்பதற்கே பக்கம் பக்கமாக எழுதிவிடுவதுண்டு. படிப்பவருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது: என் பங்கு இனி எத்தனை சதவீதம்? இரண்டும் ஒன்றல்ல. கிளார்னாவின் மதிப்பு 85 சதவீதம் விழுந்தது. ஆனால் புதுப் பணத்துக்குப் போன பங்கு சுமார் 12 சதவீதம்தான். அதே 80 கோடியைப் பழைய மதிப்பில் திரட்டியிருந்தால் 2 சதவீதம்கூடப் போயிருக்காது.

ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொண்டு கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 1 கோடி பங்குகள். நிறுவனர்களிடம் 60 லட்சம், ஊழியர்களுக்கு 10 லட்சம், பழைய முதலீட்டாளர்களிடம் 30 லட்சம். முதலீட்டாளர்கள் பங்கு ஒன்றுக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கியவர்கள். இப்போது 40 கோடி ரூபாய் தேவை; கிடைக்கும் விலையோ 80 ரூபாய். ஆகவே 50 லட்சம் புதுப் பங்குகள். மொத்தம் ஒன்றரைக் கோடியாகிறது. நிறுவனர்களின் 60 சதவீதம் 40 ஆகிறது, முதலீட்டாளர்களின் 30 சதவீதம் 20 ஆகிறது.

பெரும்பாலும் கணக்கு இத்தோடு முடியாது. முதலீட்டாளர்கள் வைத்திருப்பது முன்னுரிமைப் பங்கு; அது பின்னால் சாதாரணப் பங்காக மாறும். பிந்தைய சுற்றில் விலை இறங்கினால் அந்த மாற்று விலையும் இறங்கும் என்று ஒப்பந்தத்தில் பாதுகாப்பு எழுதியிருப்பார்கள். எவ்வளவு இறங்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பரவலாக உள்ள முறை, எடையிட்ட சராசரி. 40 கோடிக்குப் பழைய விலையில் 20 லட்சம் பங்குகள்தான் கொடுத்திருப்பார்கள். உண்மையில் கொடுப்பது 50 லட்சம். ஏற்கெனவே உள்ள 100 லட்சத்தோடு கூட்டினால் 120, 150. 200 ரூபாயை 120/150 ஆல் பெருக்கினால் புதிய மாற்று விலை 160. பழைய முதலீட்டாளரின் 30 லட்சம், 37.5 லட்சமாகிறது. அவர்கள் பங்கு 23.8 சதவீதம், நிறுவனர்கள் 38.1.

ஃபுல் ராட்செட் என்ற இன்னொரு முறை மிகக் கடுமையானது. புது விலை 80 என்றால் பழையவர்களின் மாற்று விலையும் நேராக 80. அவர்களின் 30 லட்சம் 75 லட்சமாகிவிடும், நிறுவனர்கள் 30.8 சதவீதத்துக்கு இறங்குவார்கள். இதற்கு உறவான ஒரு ஏற்பாடு 2015 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்கொயர் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது வேலை செய்தது. கடைசிச் சுற்றில் 15.46 டாலருக்கு வாங்கியவர்களுக்குப் பங்கு வெளியீட்டில் குறைந்தது 20 சதவீத லாபம் கிடைக்கும் என்று உறுதி தரப்பட்டிருந்தது. வெளியீட்டு விலை 9 டாலர். குறைந்ததை ஈடுகட்ட அவர்களுக்குச் சுமார் ஒரு கோடி கூடுதல் பங்குகள் போயின. அந்தப் பாரம் மற்ற பங்குதாரர்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது.

மின்னஞ்சலில் அதிகம் விடுபடுவது ஒரு சின்ன வாக்கியம்: 80 ரூபாய் எந்தப் பங்கு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்பட்டது? நம் உதாரணத்தில், பாதுகாப்பு வேலை செய்ததும் புது முதலீட்டாளரின் மூன்றில் ஒரு பங்கும் 31.7 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. அவர் அதை ஏற்கமாட்டார். எல்லாம் முடிந்த பிறகும் மூன்றில் ஒன்று வேண்டும் என்பார். அதற்கு விலை இன்னும் இறங்க வேண்டும். விலை இறங்கினால் பழையவர்களுக்குக் கூடுதல் பங்கு, அதனால் விலை மீண்டும் இறக்கம். சுற்றிச் சுற்றி வந்து கணக்கு சுமார் 73.70 ரூபாயில் நிற்கும், நிறுவனர்கள் 36.8 சதவீதம். சுற்றுக்கு முந்தைய மதிப்பு 80 கோடி என்று மட்டும் எழுதியிருந்தால் இது யாருக்கும் தெரியாது. சுற்றுக்கு முன்னும் பின்னும் யாரிடம் எத்தனை பங்கு என்ற முழுப் பட்டியலை இணைத்தால்தான் தெரியும்.

அந்தப் பட்டியலுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு கோரிக்கையும் இருக்கும்: பாதுகாப்பு உரிமையை இந்த ஒரு சுற்றுக்கு விட்டுக்கொடுங்கள். நல்ல நிறுவனர் இதைப் பொதுவான வேண்டுகோளாக எழுதமாட்டார். "நீங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் பங்கு 20 சதவீதம், இல்லையென்றால் 23.7, ஆனால் இந்தச் சுற்று நடக்க வேண்டுமானால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது புது முதலீட்டாளரின் நிபந்தனை" என்று எண்ணோடு எழுதுவார். இந்தச் சுற்றில் தங்கள் விகிதத்துக்குப் பங்கு வாங்கும் உரிமை அவர்களுக்கு இருந்தால், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் அதே பத்தியில் சேர்ப்பார்.