நோன்பு நாட்களில் கிரியேட்டின்

கிரியேட்டின் என்பது நமது உடலே கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உருவாக்கிக்கொள்ளும் ஒரு பொருள். இறைச்சி, மீன் ஆகியவற்றிலும் இருக்கிறது. பளு தூக்குதல் போன்ற குறுகிய நேரக் கடும் உழைப்பின்போது தசைகளுக்கு உடனடி ஆற்றல் கிடைக்க இது உதவுகிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்கள் இதைப் பொடியாக வாங்கி நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொள்கின்றனர். விரத நாளில் இதை எடுத்தால் விரதம் முறியுமா, முறியும் என்றால் அன்று என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கு அடிக்கடி எழுகிறது.

விடை விரதத்தின் வகையைப் பொறுத்தது. ரமலான் நோன்பில் வைகறை முதல் சூரியன் மறையும் வரை தண்ணீர்கூடப் பருகுவதில்லை. ஆகவே அந்த நேரத்தில் கிரியேட்டினை விழுங்கினால் நோன்பு முறியும். அதில் கலோரி உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏகாதசி போன்ற விரதங்களில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறுபடும். சொட்டு நீரும் அருந்தாதவர்கள் மறுநாள் துவாதசிப் பாரணைக்குப் பிறகே எடுக்க வேண்டும். பாலும் பழமும் கொள்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யலாம். எடை குறைப்பதற்காகக் குறிப்பிட்ட மணி நேரம் உண்ணாமல் இருப்பவர்களுக்கு, தண்ணீரில் கரைத்த வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தடையில்லை. உடல் அதைச் சர்க்கரையைப் போல எரித்து ஆற்றலாக்குவதில்லை. ஆனால் பழச்சுவை சேர்த்த பொடிகளில் சர்க்கரையோ பால் புரதமோ கலந்திருக்கலாம். டப்பாவின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

சைவ உணவினருக்கு ஒரு தகவல். கடையில் விற்கும் கிரியேட்டின் பொடி இறைச்சியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. தொழிற்சாலையில் வேதிப்பொருள்களைக் கொண்டு தயாராகிறது. மாத்திரைக் கூடாக வருவதில் மட்டும் அந்தக் கூடு விலங்கு ஜெலட்டினால் ஆனதாக இருக்கக்கூடும்.

ஒரு வேளை தவறினால் என்ன ஆகும் என்பதுதான் பலரின் உண்மையான கவலை. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், நோன்பு மாதத்தில் பகலில் எடுக்க முடியாததால் ஆறு மாதப் பயிற்சியும் வீணாகிவிடும் என்று அஞ்சினார். அவருக்கு நான் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். சுமார் 70 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கும்; பெரும்பகுதி தசைகளில். அதில் நாள்தோறும் சுமார் 2 கிராம் கிரியேட்டினின் என்ற கழிவாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதாவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அதிலும் பாதியளவை உடலே உருவாக்கி ஈடுசெய்கிறது. முற்றிலும் நிறுத்திவிட்டால்கூடத் தசையின் இருப்பு பழைய நிலைக்கு இறங்க 4 முதல் 6 வாரங்கள் ஆகும். எனவே ஏகாதசி நாளில் அதை விட்டுவிடலாம்; மறுநாள் இரட்டிப்பாக எடுக்கத் தேவையில்லை.

மாதம் முழுவதும் நோன்பிருப்பவர் இரவில் எடுத்துக்கொள்ளலாம். நோன்பு திறந்து, கஞ்சியும் உணவும் உண்ட பிறகு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. சஹர் நேரத்திலும் எடுக்கலாம். தசைக்கு இரண்டும் ஒன்றே. வயிற்றுக்குத்தான் வேறுபாடு. கிரியேட்டின் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. 5 கிராமை அரை டம்ளர் நீரில் கலக்கினால் அடியில் மணல் போலத் தங்கும். அப்படிக் கரையாததை விழுங்கினால் அது குடலுக்குள் நீரை இழுத்துச் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சஹருக்குப் பிறகு அப்படி நேர்ந்தால், இழந்த நீரை மாலை வரை ஈடுசெய்ய வழியில்லை. ஆகவே இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அடியில் ஒன்றும் தங்காதவரை கலக்கிக் குடிக்க வேண்டும். அப்படியும் வயிறு கலங்கினால் அளவை 3 கிராமாகக் குறைக்கலாம். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 20 கிராம் எடுத்துத் தசையை விரைவாக நிரப்பும் முறையை நோன்பு மாதத்தில் தொடங்கக் கூடாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டினைத் தொடவே கூடாது. நலமாக இருப்பவர்களும் வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கிரியேட்டின் எடுப்பவர்களின் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்ப்பதும் அதே அளவைத்தான். பொடி எடுப்பதைச் சொல்லாவிட்டால், இல்லாத நோய் இருப்பதாக அறிக்கை காட்டிவிடும். சொன்னால், தேவைப்படும்போது மருத்துவர் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனையை எழுதித் தருவார். கிரியேட்டின் அதன் அளவை மாற்றுவதில்லை.