விற்பனைப் பாடம் – 6: கடைக்காரர் கையில் இருக்கும் சீட்டு

விற்பனையாளருக்கு வசனம் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் ஜான் பேட்டர்சன். அமெரிக்காவின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். 1887இல் தன் சிறந்த விற்பனையாளர் ஜோசப் கிரேன் கடைக்காரர்களிடம் பேசுவதை அப்படியே எழுத வைத்து, சிறு புத்தகமாக அச்சிட்டு, எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றார். பின்னர் அதற்கென்று பள்ளியே வைத்தார்.

இன்றைய வகுப்புகள் பலவும் அந்தப் பாதையில்தான் போகின்றன. விற்பவருக்கு மட்டும் வசனம்; எதிரில் உட்காரும் மாணவருக்கு "வேண்டாம்னு சொல்லு" என்ற ஒற்றை வரி. அவரும் நண்பர் ஆயிற்றே, இரண்டு முறை முரண்டு பிடித்துவிட்டு வாங்கிக்கொள்வார். கைதட்டலோடு வகுப்பு முடியும். யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

அதனால் இங்கே வசனத்தைவிட முக்கியம், வாங்குபவர் கையில் ரகசியமாகத் தரப்படும் சீட்டு. காட்சி: மலேசியாவின் ரிங்லெட் கடைத்தெருவில் ஓர் உணவகம், பசியாறும் கூட்டம் கலைந்த நேரம். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் கடையில் கொதிப்பது இறக்குமதித் தூள். இதில் வியப்பில்லை, மலேசியாவில் விளைவதைவிட வெளியிலிருந்து வரும் தேயிலை அதிகம். கடைக்காரரின் சீட்டில் இப்படி இருக்கும்: 'இப்போதைய தூள் கிலோ 14 வெள்ளி. சப்ளையர் முப்பது நாள் கடன் தருகிறார். கடனைப் பற்றி நீயாகச் சொல்லாதே. விலை மட்டும்தான் தடையா என்று சோதித்துக் கேட்டால் மட்டும் சொல்.' விற்பவரின் சீட்டில்: 'நம் தூள் கிலோ 18 வெள்ளி. பதினான்கு நாள் கடன் வரை உன் அதிகாரம்.' விலைகள் பயிற்சிக்காக வைத்தவை.

"வணக்கம்ணே. தேத்தூள் விஷயமா வந்தேன், அஞ்சு நிமிஷம் போதும். ஒரு நாளைக்கு எத்தனை கப் தே தாரிக் போகும்?"

"ஐந்நூறு போகும்."

"கிலோவுக்கு எத்தனை கப் வருது?"

"இருநூத்தம்பது."

"எங்க தூள்ல முந்நூறு வரும். இங்கேயே கலக்கிப் பார்க்கலாம். கிலோ பதினெட்டு வெள்ளி."

"பதினெட்டா! நாலு வெள்ளி கூட."

இங்கேதான் பெரும்பாலோர் விலையைக் குறைக்கிறார்கள். குறைக்காமல் கணக்குப் போட வேண்டும். பழைய தூள் நாளுக்கு இரண்டு கிலோ, 28 வெள்ளி. புதியது ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 30 வெள்ளி. ஆக, புதியதுதான் விலை அதிகம்; ஆனால் நாளுக்கு இரண்டு வெள்ளிதான். "மிச்சமாகும்" என்று மாணவர் சொன்னால், கவனிப்பாளராக இருக்கும் மூன்றாவது மாணவர் அங்கேயே நிறுத்த வேண்டும். சொல்லக்கூடியது, "நாளைக்கு ரெண்டு வெள்ளி கூட ஆகும்ணே, சுவைக்கு அது தகுமான்னு நீங்களே குடிச்சுப் பாருங்க" என்பதுதான்.

கணக்கைக் கேட்ட பிறகும் கடைக்காரர், "சரி, பார்க்கலாம்" என்கிறார். விலைதான் தடை என்றால் இந்நேரம் பேரம் பேசியிருப்பார். பேரமும் இல்லை, மறுப்பும் இல்லை என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரே கேள்வி:

"அண்ணே, இதே பதினாலு வெள்ளிக்கே கொடுத்தாலும் எடுப்பீங்களா?"

"அதில்ல தம்பி... இப்பக் கொடுக்கிறவன் முப்பது நாள் விட்டுத்தான் காசு வாங்குறான்."

விலையைக் குறைத்திருந்தால் அந்த நாலு வெள்ளி வீணாகப் போயிருக்கும். பிரச்சினை அங்கே இல்லை.

முடிப்பது எப்படி? "இன்னிக்கே கையெழுத்துப் போட்டா..." வகைத் தந்திரங்கள் ஒரு காலத்தில் பாடமாகவே இருந்தன. நீல் ராக்கமும் அவர் குழுவும் பன்னிரண்டு ஆண்டுகளில் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். 1988இல் அது புத்தகமானது. சிறு விற்பனையில் அழுத்தி முடிப்பது ஓரளவு பலிக்கலாம், பெரியதில் அதுவே கெடுக்கும் என்று கண்டார்கள். உணவகத்துத் தேத்தூள் பார்க்கச் சிறியது, ஆனால் மாதாமாதம் வாங்குவது. ஆகவே அழுத்தம் வேண்டாம். நாளும் அளவும் சொல்லிக் கேட்டால் போதும்:

"இந்த வாரம் ரெண்டு கிலோ போட்டுப் பாருங்க, முப்பத்தாறு வெள்ளி, ரொக்கம். பிடிச்சா அடுத்ததுலேர்ந்து பதினாலு நாள் தவணை. முப்பது நாள் என் கையில இல்ல, மேனேஜர்கிட்ட கேட்டுட்டு செவ்வாய்க்கிழமை காலையில வந்து சொல்றேன். ரெண்டு கிலோ போடட்டுமா?"

கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினம். மூன்று நொடி மௌனம் தாங்காமல் "வேணும்னா ஒரு கிலோ கூட..." என்று தாமாகவே இறங்கிவிடுவார்கள்.

கவனிப்பாளர் மதிப்பெண் போடக்கூடாது. விற்பவர் கேட்ட கேள்விகள் எத்தனை, கடன் விஷயம் எந்தக் கேள்விக்கு வெளிவந்தது, வரவே இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். பிறகு மூவரும் இடம் மாறுவார்கள்; அடுத்த சுற்றுக்குக் கடைக்காரருக்கு வேறு சீட்டு. அதில், 'சப்ளையர் உன் மைத்துனர்.'