கையெழுத்துப் போட முன் மூன்று தாளையும் பாருங்கள்

கடந்த மாதம் வவுனியா பஜார் வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுத் தாளைக் காட்டினார். "கொம்பனி இன்வொய்ஸும் டெலிவரி நோட்டும் ஒரு சதம் பிசகாமல் பொருந்துகின்றன. ஆனாலும் வருஷக் கடைசியில் சரக்கு குறைகிறது. பையன்களைச் சந்தேகப்படவும் மனம் வரவில்லை" என்றார்.

தாள்களைப் புரட்டியதும் விஷயம் விளங்கிவிட்டது. அந்த இரண்டு தாளும் புறக்கோட்டையில் ஒரே கொம்பியூட்டரில், ஒரே நிமிஷத்தில் அச்சானவை. ஒன்றில் இருப்பதுதான் மற்றதில் இருக்கும். அவை பொருந்துவது, ஒருவர் தன் வாக்குக்குத் தானே சாட்சி சொல்வதைப் போன்றது. ஸ்டோரில் என்ன ஏற்ற வேண்டும் என்று நினைத்தார்களோ அதைத்தான் டெலிவரி நோட் சொல்கிறது. நம் கடை வாசலில் என்ன இறங்கியது என்பதை அது சொல்லாது. லொறி ஏஜன்சிக்காரன் தரும் துண்டும் உதவாது. அதில் "12 பொதி" என்றுதான் இருக்கும், பொதிக்குள் என்ன என்று இராது.

வன்னியில் வியாபாரம் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. 2002இல் ஏ9 வீதி திறந்து 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்படும் வரை, கிளிநொச்சிக் கடைகளுக்குப் போன சரக்கு ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போனது. சோதனைக்காக இறக்கி ஏற்றிய பிறகு, கொழும்பில் எழுதிய எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பணம் கட்ட எவருக்கும் துணிவு வரவில்லை. கடை வாசலில் மறுபடி எண்ணினார்கள். சாவடி போன பிறகு அந்தப் பழக்கமும் பலரிடம் போய்விட்டது.

ஆகவே ஒப்பிட வேண்டிய தாள் மூன்று. அவற்றில் இரண்டு நம் கடையிலேயே பிறக்க வேண்டும். ஒன்று நாம் கொடுத்த ஓடர். மற்றது நாம் எண்ணி எழுதிய வரவுச் சீட்டு. மூன்றாவதுதான் கொம்பனியின் இன்வொய்ஸ். நம்மில் அநேகர் ஓடரை டெலிபோனில் சொல்லிவிடுகிறோம், தாளே இல்லை. ஒரு சாதாரணக் கொப்பியில் இலக்கம் போட்டு, பொருள், அலகு, எண்ணிக்கை, பேசிய விலை, கழிவு ஆகியவற்றை எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து சேல்ஸ்மேனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அந்த ஓடர் இலக்கத்தை இன்வொய்ஸிலும் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எந்த இன்வொய்ஸ் எந்த ஓடருக்குரியது என்று தேடுவதிலேயே பொழுது போகும்.

இனி அந்த நானாவின் ஓடர் ஒன்றைப் பார்ப்போம். விலைகளைக் கணக்கு விளங்குவதற்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஓடர் 214. அரை அங்குல பைப் 200, ஒன்று 400 ரூபா, 10 சதவீதக் கழிவு போக 360. எல்போ 5 பை, பைக்கு 100 வீதம் 500, ஒன்று 30 ரூபா. நாலு லீற்றர் பெயின்ற் 24 டின், ஒன்று 4,000 ரூபா.

இன்வொய்ஸில் பைப் 200 என்றுதான் இருந்தது. ஆனால் கழிவு 8 சதவீதம், அதனால் விலை 368. எண்ணிப் பார்த்ததில் நல்ல பைப் 192தான். ஆறு வரவே இல்லை, இரண்டு உடைந்திருந்தன. 192ஐ 360ஆல் பெருக்கினால் 69,120. கேட்டிருப்பதோ 73,600. வித்தியாசம் 4,480 ரூபா. பெயின்ற் 24ம் வந்திருந்தது, ஆனால் விலை 4,200. அங்கே 4,800 ரூபா.

எல்போவில்தான் நானா ஏமாந்திருந்தார். ஓடரில் 5 பை, டெலிவரி நோட்டில் 5 பை, இன்வொய்ஸில் 5 பை, இறங்கியதும் 5 பை. பைக்கு 3,000 என்ற விலையும் சரி. எந்தக் கணக்கப்பிள்ளையும் சரி என்றுதான் அடையாளமிடுவார். ஆனால் உள்ளே 80தான் இருந்தது. கொம்பனி பொதியை மாற்றியிருக்கிறது. நூறு எல்போ, 3,000 ரூபா போய்விட்டது. பை, பெட்டி, டசின் என்று எது வந்தாலும், ஒப்பிடும் முன் மூன்று தாளிலும் அதைச் சில்லறை எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மொத்தம் 12,280 ரூபா. 2024 ஜனவரி முதல் வாட் வரி 18 சதவீதம். அதையும் சேர்த்தால் ஒரே இன்வொய்ஸில் 14,490 ரூபா அதிகம்.

கடையில் கொம்பியூட்டர் இருப்பவர்கள் எக்செல்லில் Order, Grn, Invoice என்று மூன்று தாள் திறந்து, மூன்றிலும் A நிரலில் ஓடர் இலக்கம், B யில் பொருட் குறியீடு, C யில் சில்லறை எண்ணிக்கை, D யில் கழிவு போன விலை என்று போடலாம். Grn என்பது நம் வரவுச் சீட்டு. அதில் D வெறுமையாக இருக்கும். Invoice தாளில் E2, F2, G2 கட்டங்களுக்கு முறையே இவற்றை எழுதுங்கள்:

```
=SUMIFS(C:C,A:A,A2,B:B,B2)-SUMIFS(Grn!C:C,Grn!A:A,A2,Grn!B:B,B2)
=D2-SUMIFS(Order!D:D,Order!A:A,A2,Order!B:B,B2)
=IF(OR(E2<>0,ABS(F2)>0.5),"பார்","சரி")
```

முதலாவது, அந்த ஓடருக்கு இதுவரை பில் போட்ட மொத்தத்திலிருந்து இதுவரை இறங்கிய மொத்தத்தைக் கழிக்கிறது. சரக்கு இரண்டு லொறியில் வந்தாலும் குழம்பாது. ஒரே சரக்குக்கு இரண்டாவது பில் வந்தால் அதையும் பிடித்துவிடும். இரண்டாவது விலையைப் பார்க்கிறது. ஐம்பது சதம் வரை விட்டுக்கொடுத்திருப்பது கழிவைப் பெருக்கும்போது வரும் சில்லறைக்காக. ஓடரில் ஒரு பொருள் ஒரு வரியில் மட்டும் இருக்க வேண்டும், இரண்டு வரியானால் விலை கூட்டப்பட்டுவிடும். ஓடர் செய்யாத பொருள் வந்திருந்தால் F இல் முழு விலையும் நிற்கும், உடனே தெரியும்.

"பார்" என்று வந்ததெல்லாம் களவு அல்ல. பெயின்ற் விஷயத்தில் ஓடருக்கும் லொறி ஏற்றியதற்கும் இடையில் விலை ஏறியிருந்தது. அதைச் சொல்லாமல் ஏற்றியதுதான் பிழை. நானா பேசியபோது பாதியை விட்டுக்கொடுத்தார்கள். கழிவு விஷயத்தில் சேல்ஸ்மேன் வாயால் சொன்ன 10 சதவீதத்தை ஒபிஸுக்குச் சொல்லவில்லை. ஓடர்ப் பக்கத்தின் படம் இருந்ததால் அது தீர்ந்தது. பைப்புக்கு மட்டும் வழியில்லை. பையன் டெலிவரி நோட்டில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தான். குறைவை லொறி நிற்கும்போதே, சாரதி கொண்டுபோகும் பிரதியிலும் எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கொம்பனி பார்ப்பது அந்தப் பிரதியை மட்டும்தான். நம் பிரதியில் பிறகு எழுதுவதை யார் ஏற்பார்கள்?

எக்செல்லால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பையன் எண்ணாமலே டெலிவரி நோட்டைப் பார்த்து வரவுச் சீட்டை நிரப்பினால் எல்லாம் "சரி" என்றே வரும். ஆறு மாதமாக ஒரு வித்தியாசமும் வராத கடையில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பொருட்களின் பெயர் மட்டும் உள்ள, எண்ணிக்கை எழுதாத தாளைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிக்கும் வரை டெலிவரி நோட் முதலாளியின் கையில் இருக்கட்டும்.

செக் விஷயம் ஒன்று. நம்மில் பலர் சரக்கு இறங்கும்போதே இன்வொய்ஸ் தொகைக்குப் பின்திகதி செக்கை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு கிரெடிட் நோட் கேட்டு அலைவது நம் பாடு. வாட் பதிவுள்ள கடையென்றால் கிரெடிட் நோட்டில் வரியும் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். நானா இப்போது செக்கை இரண்டு நாள் பிந்தி, மூன்று தாளும் பொருந்திய தொகைக்கு எழுதுகிறார். முதல் மாதம் சேல்ஸ்மேன் முகத்தைச் சுழித்தாராம். இப்போது அவரே லொறி வர முன்பு போன் பண்ணி, "நானா, பெயின்ற் விலை கூடியிருக்கிறது, ஏற்றவா விடவா?" என்று கேட்கிறாராம்.