தரையை உடைக்கும் முன் ஒரு கடிதம்

"சார், உங்க பாத்ரூம் தண்ணி எங்க சீலிங்ல இறங்குது." கீழ்வீட்டுக்காரர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்போதுதான், புதுப்பித்த குளியலறையின் உண்மையான தரம் பல பேருக்குத் தெரியவருகிறது. டைல்ஸ் பளபளப்பாகத்தான் இருக்கும். கோளாறு அதற்கு அடியில் இருக்கும்.

உடனே காண்டிராக்டருக்குப் போன் போகிறது. "ரெண்டு நாள்ல ஆளை அனுப்பறேன்" என்கிறார். இரண்டு மாதம் ஆகிறது. பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர் வேறொரு மேஸ்திரியை அழைத்துத் தரையை உடைத்துச் சரிசெய்துவிட்டு, செலவை முதல் காண்டிராக்டரிடம் கேட்கிறார். "நான் போட்டது நல்லாத்தான் இருந்துச்சு, உடைச்சவங்களைப் போய்க் கேளுங்க" என்று பதில் வருகிறது. அதற்குமேல் வீட்டுக்காரரால் பேச முடிவதில்லை. குறை இருந்ததற்கான சாட்சி முழுவதும் இடிபாட்டு மூட்டைகளோடு லாரியேறிப் போய்விட்டது.

உடைப்பதற்கு முன்பே கடிதம் போயிருக்க வேண்டும். கடிதத்துக்கு முன்னால் ஒரு சோதனையும் நடந்திருக்க வேண்டும். கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் "வேலை சரியில்லை" என்று எழுதினால் அது வெறும் புலம்பலாகவே படும்.

தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை இருந்தால், குளியலறையை யாரும் பயன்படுத்தாவிட்டாலும் கசிவு ஓயாது. இதை பிளம்பர் குழாயில் அழுத்தம் கொடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். குழாயில் கோளாறு இல்லையென்றால் தரையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பை இறுக அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவர் டைல்ஸில் குறித்துவிட்டு 24 முதல் 48 மணி நேரம் விட வேண்டும். மட்டம் குறைந்து கீழே ஈரம் படர்ந்தால் வாட்டர்ப்ரூஃபிங் தோற்றுவிட்டது என்று பொருள். மட்டம் அப்படியே நின்று, அடைப்பை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகு மட்டும் கீழே சொட்டினால், ட்ராப் இணைப்பிலோ கழிவுநீர்க் குழாயிலோதான் சந்தேகம். அவசரப்பட்டு முடிவுகட்டவும் கூடாது. தாழ்த்திய தளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லி பழைய தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு சில நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். அது காய்ந்த பிறகு செய்யும் சோதனையைத்தான் நம்பலாம். ஒவ்வொரு கட்டத்தையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைப்பது அவசியம்.

இனி கடிதம். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். குளியலறையைப் புதுப்பிக்க 1,85,000 ரூபாய்க்கு கொட்டேஷன். அதில் வாட்டர்ப்ரூஃபிங் தனி வரியாக இருக்கிறது. 1,65,000 கொடுத்தாகிவிட்டது, 20,000 பாக்கி. வேலை முடிந்த நான்காம் மாதம் கசிவு. சோதனையில் தரைதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. அப்போது கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"ஐயா, தங்கள் கொட்டேஷன்படி எங்கள் குளியலறையைப் புதுப்பித்துக் கொடுத்தீர்கள். நான்காம் மாதத்திலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் கசிகிறது. பிளம்பர் சோதித்ததில் குழாய்களில் கசிவு இல்லை. ட்ராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டியதில் மட்டம் இறங்கிக் கீழே ஈரம் படர்ந்தது, படங்களை இணைத்துள்ளேன். இந்தக் கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் தாங்கள் நேரில் வந்து பார்க்கவும், 21 நாட்களுக்குள் தங்கள் செலவில் சரிசெய்து, மறுபடி தண்ணீர் கட்டிச் சோதித்துக் காட்டவும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் வேறொருவரைக் கொண்டு சரிசெய்து, அந்தச் செலவைத் தங்களிடம் கோருவேன்."

இதில் திட்டு ஒரு வரிகூட இல்லை. "ஏமாற்றுக்காரர்", "போலீசுக்குப் போவேன்" என்றெல்லாம் எழுதினால் எழுதியவர் மனம் ஆறுமே தவிர, வேறு பயன் இல்லை. நாளை இந்தத் தாளை மூன்றாம் மனிதர் ஒருவர் படிப்பார் என்ற நினைப்போடு எழுதுவதே நல்லது. வந்து பார்க்கக் கொடுக்கும் அவகாசம்தான் இதில் முக்கியமான வரி. அதன் பிறகும் காண்டிராக்டர் வராமல் இருந்தால், "எனக்கு வாய்ப்பே தரவில்லை" என்று அவர் சொல்ல வழியில்லை. வந்தவர் "ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறீர்கள், அதனால்தான் இணைப்பு போய்விட்டது" என்று சொன்னாலும் நல்லதுதான். ஆசிட் சிமென்ட்டை அரிக்கும் என்பது உண்மையாகையால், அந்த மறுப்பை எழுத்தில் தரச் சொல்லி, சுயேச்சையான பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிடலாம்.

21 நாள் கழிந்தும் ஆள் வரவில்லை என்றால் அடுத்த கடிதம் பணம் கேட்கும். பலர் இங்கேதான் தடுமாறி, கொடுத்த 1,65,000 முழுவதையும் திருப்பிக் கேட்டுவிடுகிறார்கள். சுவர் டைல்ஸ், கதவு, விளக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அந்தக் கோரிக்கை நிற்காது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளைந்த நட்டத்துக்குத்தான் ஈடு தருகிறது. ஆகவே இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். தரையை எடுத்து மறுபடி போட ஒருவர் 62,000, இன்னொருவர் 68,500 சொல்கிறார். வேலைப் பட்டியல் ஒன்றே என்றால் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். கீழ்வீட்டுக் கூரைப் பூச்சுக்கு 9,000. மொத்தம் 71,000. காண்டிராக்டருக்குத் தர வேண்டிய பாக்கி 20,000-ஐக் கழித்தால் 51,000. இந்தக் கழித்தலைக் கடிதத்திலேயே காட்டிவிட்டால் கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாது. அதே பிரிவு, நட்டத்தைக் குறைக்க எடுத்திருக்கக்கூடிய வழிகளையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. கசிவை ஒரு வருடம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுக் கம்பி துருப்பிடித்ததற்கும் சேர்த்துக் கேட்பது எடுபடுவது கடினம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? அனுப்பலாம், ஆனால் தபாலிலும் போக வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதிலேயே கடிதம் சேர்ந்ததற்கான சான்று பெறலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்தான் வழக்குப் போடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நுகர்வோர் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் வீடு கட்டும் வேலையும் சேவை என்ற வரையறைக்குள் வருகிறது. பழுதுபார்ப்பு போன்ற கட்டணச் சேவைகளுக்கும் அதில் இடம் உண்டு. ரெரா சட்டத்தின் ஐந்தாண்டுப் பொறுப்பை இங்கே இழுக்க வேண்டாம். அது வீடு விற்கும் புரமோட்டருக்கானது, குளியலறை புதுப்பித்தவருக்கு அல்ல. தேவைப்பட்டால் ஆணையமே ஒருவரை நியமித்து இடத்தைப் பார்வையிடச் சொல்லும். அதற்காகவாவது, முடிந்தவரை பழுதான தரையை உடைக்காமல் வைத்திருப்பதும், உடைத்தே தீர வேண்டுமென்றால் பொறியாளர் அறிக்கையும் வீடியோவும் எடுத்துவைப்பதும் நல்லது.

குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். "நாளைக்கு வரேன்" என்று காண்டிராக்டர் அனுப்பிய செய்திகள் அந்தக் கெடுவைத் தாமாக நீட்டிக்காது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் சமரசமாகப் பேசித் தீர்க்க விரும்புவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.