நீல டிக் எதற்குச் சாட்சி?

2018 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. எஸ்பிஐ கார்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒருவர் பணம் பாக்கி வைத்திருந்தார்; நோட்டீஸை நேரில் வாங்காமல் நழுவிக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் சார்பில் அந்த நோட்டீஸை பிடிஎஃப் கோப்பாக அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார்கள். நோட்டீஸ் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதாக நீதிபதி கௌதம் படேல் அதை ஏற்றுக்கொண்டார். செய்தியும் இணைப்பும் போய்ச் சேர்ந்ததோடு, இரண்டும் திறக்கப்பட்டன என்பதையும் டிக் குறிகளே காட்டுகின்றன என்று தம் உத்தரவில் காரணம் சொன்னார். ஒளிந்து விளையாடும் கடன்காரரிடம் அந்த முடிவு நியாயமானதுதான். ஆனால் அவர் சொன்ன காரணத்தில் ஒரு பாதி, தொழில்நுட்பப்படி நிற்காது. பிடிஎஃப் செய்திக்குப் பக்கத்தில் டிக் நீலமாக, அந்தக் கோப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. உரையாடலைத் திறந்தாலே போதும்.

நம்மில் பலர் தினமும் எடுக்கும் முடிவுகளிலும் இதே தவறுதான் இருக்கிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்த நாளிலிருந்து, ‘பார்த்துட்டு பதில் போடல’ என்பது ஒரு குற்றச்சாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி நம் போனைவிட்டுக் கிளம்பிவிட்டது. இரண்டு சாம்பல் டிக் என்றால் எதிராளியின் கருவிக்குப் போய்விட்டது. இரண்டும் நீலமானால் அந்த உரையாடல் அவருடைய கருவியில் திறக்கப்பட்டது. மூன்றுமே கருவிகளுக்கு இடையே நடப்பவை. மூன்றாவதை மட்டும் நாம் மனிதரின் மனசுக்குள் நடந்ததாக எடுத்துக்கொள்கிறோம். நீளமான செய்தி என்றால் வாட்ஸ்அப் அதைப் பாதியில் மடித்து, கீழே ‘Read more’ என்று போட்டுவிடும். மிச்சத்தை விரித்துப் படிக்காமலே அவர் வெளியே வந்தாலும் டிக் நீலம்தான். குரல் பதிவில் மட்டும் கதை வேறு: அதைப் போட்டுக் கேட்ட பிறகுதான் மைக் படம் நீலமாகிறது, அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து ‘Info’ பார்த்தால் ‘Read’ தனியாகவும் ‘Played’ தனியாகவும் நேரத்தோடு இருக்கும். கண்ணில் பட்டதும் உள்ளே போனதும் ஒன்றல்ல என்று செயலியே ஒப்புக்கொள்ளும் இடம் இது. எழுத்துக்கும் கோப்புக்கும் அந்தப் பிரிப்பு கிடையாது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். மதுரையில் இருக்கும் அக்கா, கோவையில் வேலை பார்க்கும் தம்பிக்குக் காலை 10.40-க்கு அனுப்புகிறார்: ‘அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். உனக்கு லீவு கிடைக்குமாடா? ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன், பாரு.’ தம்பியின் அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் அக்காவிடம் பேசிய உரையாடல் திரையில் அப்படியே முன்னால் நிற்கிறது. அவர் டீ குடிக்க எழுந்து போயிருக்கிறார். செய்தி திரையில் விழுகிறது, டிக் நீலமாகிறது. பதினொரு மணிக்குத் திரும்பி வந்து படிக்கிறார். லீவு கொடுக்க வேண்டிய மேலாளர் மூன்று மணி வரை மீட்டிங்கில். ‘பார்க்கிறேன்க்கா’ என்று அரைகுறையாகச் சொல்வதைவிட, கேட்டுவிட்டுத் திடமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறார். நடுவில் வேலை விஷயமாக யாருக்கோ பதில் போட வாட்ஸ்அப்பில் இருக்கிறார்; அக்காவுக்கு ‘online’ என்று தெரிகிறது. மதியம் இரண்டரைக்கு அக்காவின் கையில் இருக்கும் தகவல் இதுதான்: 10.40-க்கே டிக் நீலமாகிவிட்டது, நாலு மணி நேரம் ஆகப்போகிறது, ஆன்லைனில் இருக்கிறான், பதில் இல்லை. ஒவ்வொன்றும் உண்மை. ‘அம்மா விஷயத்தில் இவனுக்கு அக்கறையில்லை’ என்று அவற்றைச் சேர்த்து எடுக்கும் முடிவு மட்டும் பொய். முதல் இருபது நிமிடம் தம்பி இடத்திலேயே இல்லை. அதன் பிறகு அவர் அந்தச் செய்திக்குப் பதில் சொல்வதற்காகத்தான் காத்திருந்தார். இந்த இரண்டு நேரத்தையும் நீல டிக் ஒரே மாதிரி காட்டியது. நிமிடக் கணக்கில் நேரம் போட்டுக் காட்டுவதால்தான் அது இன்னும் நம்பவைக்கிறது. துல்லியமான நேரம் இருந்தால் தகவலும் துல்லியம் என்று தோன்றிவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் அதே அளவு ஏமாற்றும். அறிவிப்புத் திரையை இழுத்து, செய்தியை முழுக்கப் படித்துவிட்டு உள்ளே போகாமல் விட்டால் டிக் சாம்பலாகவே இருக்கும். ஆக, படிக்காதவருக்கு நீலம் வரலாம், வரிக்கு வரி படித்தவருக்கு வராமலும் போகலாம். இப்படி இரண்டு பக்கமும் தவறும் ஒரு குறியை வைத்து ஒருவருடைய அன்பை அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

‘ஒரு நாள் என்றால் சரி, எப்போதும் இப்படியே செய்கிறவரை என்ன சொல்வது?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மாதக்கணக்கில் எதற்கும் பதில் சொல்லாதவர் விலகிப்போகிறார் என்று எண்ணக் காரணம் உண்டு. ஆனால் அதைச் சொன்னது பதில் வராத அந்த மாதங்கள். டிக்கே இல்லாத கடித காலத்திலும் அது புரிந்திருக்கும். நீல டிக் அதில் கூட்டியது, ஒவ்வொரு தனிச் செய்தியையும் ஓர் அவமதிப்பாக எண்ண வைக்கும் வேகத்தை மட்டும்தான். மௌனத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அலட்சியம் என்ற எண்ணத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. லாரா கியூர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-இல் அலுவலக மின்னஞ்சலைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், அவசரமில்லாத அஞ்சலுக்கு அனுப்பியவர் எதிர்பார்க்கும் வேகத்தைவிட, இன்னும் சீக்கிரமே பதில் எதிர்பார்க்கப்படுவதாகப் பெறுபவர்கள் நினைத்துக்கொள்வது தெரிந்தது. அது மின்னஞ்சல், வாட்ஸ்அப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பதில் போடாதவர் நிம்மதியாக இருக்கிறார் என்று நாம் கற்பனை செய்யும் படத்தை அது கலைக்கிறது.

‘போய்ச் சேர்ந்ததா என்றாவது தெரிய வேண்டாமா?’ என்பது இன்னொரு வாதம். அந்த வேலையை இரண்டு சாம்பல் டிக்கே செய்துவிடுகிறது. நீலம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவசரம் என்றால் போன் செய்ய வேண்டியதுதான். விஷயம் பெரிதாகும்போது நீதிமன்றமும் டிக்கை நம்பி நிற்பதில்லை. ஒருவரை விசாரணைக்கு அழைக்கும் போலீஸ் நோட்டீஸை, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவிலும் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவிலும் வருவதை, வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸுக்கு ஆஜராகாவிட்டால் கைதுவரை போகலாம். பாக்கிப் பணத்துக்குப் போதும் என்று 2018-இல் ஒரு நீதிமன்றம் ஏற்ற வழி, ஒருவரின் சுதந்திரம் என்று வந்தபோது போதவில்லை.

அப்படியானால் அணைத்து வைத்துவிடலாமே என்பார்கள். Settings-இல் Privacy-க்குள் போய் ‘Read receipts’ என்பதை அணைக்கலாம். அணைத்தால் மற்றவர்களின் நீல டிக்கும் நமக்குத் தெரியாது. குழுக்களில் அணைக்கவே முடியாது. குரல் பதிவின் நீல மைக்கும் அப்படியே இருக்கும். அதோடு புதுச் சந்தேகம் ஒன்றும் முளைக்கும்: ‘இவன் படிக்கவில்லையா, அணைத்து வைத்திருக்கிறானா?’ அதனால் அணைப்பதை மட்டும் மருந்தாக என்னால் சொல்ல முடியவில்லை. செய்தியை எழுதும் விதத்தில்தான் வழி இருக்கிறது. அந்த அக்கா, ‘சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடு, டாக்டர்கிட்ட நான் உறுதி பண்ணணும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், இரண்டரை மணிக்குத் திரையைப் பார்த்துக் கலங்க வேண்டியிருந்திருக்காது; தம்பிக்கும் மேலாளரை எதுவரை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருக்கும். ஆறு மணி தாண்டியும் பதில் வராவிட்டால் அப்போது தம்பியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அந்த அழைப்புக்கு டிக் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை.