சக்கரத்தின் தலையைப் படம் எடுங்கள்

ஹார்டுவேர் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு வரும் சக்கரப் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உடைந்த வீலைத் தரையில் படுக்க வைத்து, நேர் மேலிருந்து எடுத்த படம், கீழே ஒரு வரி: "இதே மாதிரி நாலு இஞ்ச் வீல் இருக்கா?" கடைக்காரருக்கு அந்தப் படத்தில் ஒரு வட்டம் மட்டும்தான் தெரிகிறது. நாலு இஞ்ச் வட்டம் அவர் கடையில் இருபது விதம் இருக்கும். டிராலியின் அடியில் பொருந்தப்போவது அதில் எது என்பதை அந்த வட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வது வீலுக்கு மேலே இருக்கிற பகுதி.

டிராலி, நாற்காலி, ஃப்ரிட்ஜ் ஸ்டாண்ட் எல்லாவற்றின் அடியிலும் இருக்கும் இந்தச் சின்னச் சக்கரத் தொகுதியைக் கடைகளில் காஸ்டர் வீல் என்பார்கள். உருளும் வீல் ஒன்று, அதை இருபுறமும் பிடித்திருக்கும் இரும்புக் கவட்டை ஒன்று, கவட்டையை வண்டியோடு இணைக்கும் தலைப்பகுதி ஒன்று. கவட்டையும் தலையும் சேரும் இடத்தில் குண்டுமணி வரிசை இருந்தால் அது சுற்றும்; கடைமொழியில் ரிவால்விங். இல்லாமல் தகடும் கவட்டையும் ஒரே துண்டாக இருந்தால் அது நேராக மட்டுமே ஓடும். அதன் பெயர் ஃபிக்ஸட். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. ரிவால்விங்கில் வீலின் அச்சு தலைக்கு நேர் கீழே இராமல் சற்றே பின்தள்ளி இருக்கும். அப்படித் தள்ளி இருப்பதால்தான், நாம் தள்ளும் பக்கத்துக்கு வீல் தானாகத் திரும்பிக்கொள்கிறது.

தலைப்பகுதியில் வீடுகளிலும் கடைகளிலும் பார்க்கக் கிடைப்பவை மூன்று வகை. நான்கு துளைகளோடு சதுரமாகவோ செவ்வகமாகவோ தகடு இருக்கலாம். மரை போட்ட கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது மரையே இல்லாத வழவழப்பான தண்டும் அதன் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வளையமும் இருக்கலாம். மூன்றாவது வகைதான் ஆபீஸ் நாற்காலிக்கு உரியது. அதன் தண்டு பெரும்பாலும் 11 மி.மீ. தடிமன், 22 மி.மீ. நீளம். ஆனால் 10 மி.மீ. தண்டு வைத்த நாற்காலிகளும் உண்டு. 11 மி.மீ. துளையில் 10 மி.மீ. தண்டைச் செருகினால் நாற்காலியைத் தூக்கும்போதெல்லாம் வீல் கீழே விழும். மாற்றிச் செருக நினைத்தால் உள்ளேயே போகாது. ஒரு மி.மீ. வித்தியாசத்தைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அளக்கத்தான் வேண்டும். மரைக் கம்பிக்கும் இதே சிக்கல் உண்டு. 10 மி.மீ. மரையும் 3/8 அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழைய நட்டு கையில் இருந்தால், புது வீல் வாங்கும்போது அதைக் கொண்டுபோய்த் திருகிப் பார்ப்பதை விட நல்ல சோதனை கிடையாது.

இனி ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒரு மெஸ்ஸில் சாதப் பாத்திரம் தள்ளும் இரும்பு டிராலி. முன்னால் இரண்டு ஃபிக்ஸட், பின்னால் பிரேக் வைத்த இரண்டு ரிவால்விங். பின் வீல் ஒன்றின் கவட்டை வளைந்துவிட்டது. டிராலியைக் கவிழ்த்து வைத்தால், கழற்றாமலேயே தகடு கண்ணுக்குத் தெரியும். தகட்டின் மேல் ஓர் ஏடிஎம் கார்டைத் தட்டையாக வைத்துப் படம் எடுக்கலாம். நம்பர் தெரியாதபடி கவிழ்த்து வையுங்கள். எந்த வங்கி கொடுத்த கார்டாக இருந்தாலும் நீளம் 85.6 மி.மீ.தான். போன் திரையில் ஸ்கேலை வைத்தால் கார்டு 43 மி.மீ. வருகிறது, அப்படியென்றால் படம் கிட்டத்தட்டப் பாதி அளவு. துளைக்குத் துளை அகலத்தில் 40, உயரத்தில் 30. இரட்டித்தால் 80, 60. கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார்: 80க்கு 60 துளை என்பது 100 மி.மீ. வீலுக்குப் பரவலாக வரும் தகடு.

துளைகளின் தூரத்தை மையத்திலிருந்து மையத்துக்குச் சொல்ல வேண்டும். வெறும் ஓட்டையில் மையத்தைக் கண்ணால் குறிப்பது கஷ்டம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் போதும், இரண்டு துளைகளும் ஒரே அளவாக இருக்கும்வரை அதே விடை கிடைக்கும். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் போல்ட் கொஞ்சம் நகர இடம் உண்டு என்று பொருள். அதையும் எழுதி அனுப்புங்கள்.

கார்டு வைத்தாலும் தவறு வர ஒரு வழி இருக்கிறது. கார்டும் அளக்கிற பொருளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வீலின் முகப்பு கார்டை விட 3 செ.மீ. பின்னால் இருக்கிறது, போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 100 மி.மீ. வீல் படத்தில் 91 மி.மீ. என்று காட்டும். அதே படத்தை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தால் 98 காட்டும். கிட்டப் போய் எடுத்தால் அளவு துல்லியமாக வரும் என்றே பலரும் நினைக்கிறார்கள். விலகி நின்றால்தான் வரும். காஸ்டர்கள் 50, 75, 100, 125, 150, 200 மி.மீ. என்று குறிப்பிட்ட படிகளில்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன என்பது நமக்கு வசதி. 98 காட்டினாலும், தேய்ந்துபோய் 96 காட்டினாலும் அது 100தான். 91 காட்டும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

நம் மெஸ் டிராலிக்குத் தகடு பொருந்திவிட்டது, வீலும் 100 மி.மீ. அப்படியே வாங்கிவிடலாமா? இன்னும் ஓர் அளவு பாக்கி இருக்கிறது. தரையிலிருந்து தகட்டின் மேல்முகம் வரை மொத்த உயரம். அதே 100 மி.மீ. வீலை ஒரு தயாரிப்பாளர் தாழ்ந்த கவட்டையில் பொருத்தி 128 மி.மீ. உயரத்தில் விற்பார், இன்னொருவர் 140இல் விற்பார். மூன்று காஸ்டர் 128, நான்காவது 140 என்று பூட்டினால் டிராலி நொண்டும், பாத்திரம் நிறைய சாம்பார் இருக்கும்போது இந்த 12 மி.மீ. நன்றாகவே தெரியும். எனவே இரண்டாவது படம் பக்கவாட்டிலிருந்து: டிராலியை நேராக நிறுத்தி, காஸ்டரை ஒட்டி இஞ்ச் டேப்பைச் செங்குத்தாகப் பிடித்து, போனைக் காஸ்டரின் மட்டத்துக்கே இறக்கி எடுக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் டேப்பின் எண்ணே ஏமாற்றும். நன்றாக இருக்கும் காஸ்டரை அளப்பது நல்லது, வளைந்துபோனதை அளந்து பயனில்லை.

வீல் எதனால் ஆனது என்பதைப் படத்தின் நிறம் ஓரளவு சொல்லும். பால் வெள்ளையாக, ஒரே துண்டாக இருந்தால் நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன். கெட்டியானது, நல்ல சுமை தாங்கும், டைல்ஸ் மேல் சத்தம் போடும். சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ஓரம் இருந்தால் தரையில் கறை விடாத ரப்பர் வகை. நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறத்தில் பளபளப்பான பட்டை என்றால் பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பட்டையாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சாயம் எந்தப் பிளாஸ்டிக்கிலும் ஏறும். நகத்தால் அழுத்திப் பார்த்து, பதிகிறதா பதியவில்லையா என்று ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பினால் போதும்.

வீல் எப்படிக் கெட்டது என்பதும் படத்தில் எழுதியிருக்கும், கடைக்காரர்கள் அதைக் கவனித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். வட்டத்தில் ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் வீல் சுற்றாமல் இழுபட்டிருக்கிறது. அச்சில் நூலோ முடியோ சுற்றியிருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும். பி.யு. பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் ஈரமும் சூடும் சேர்ந்து அதை அரித்திருக்கலாம், சமையலறைக்கு அதே வகையை மறுபடி வாங்குவது வீண். கவட்டை வளைந்திருந்தால் சுமைதான் காரணமா என்று பார்க்க வேண்டும். நான்கு வீல் இருப்பதால் சுமையை நான்கால் வகுக்கக் கூடாது. மேடுபள்ளத் தரையில் ஒரு வீல் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். 240 கிலோ என்றால் ஒவ்வொன்றும் 60 அல்ல, 80 கிலோ தாங்க வேண்டும்.

கட்டட வேலையிலும் தோட்டத்திலும் ஓடும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அங்கே காற்றடிக்கும் டயராக இருந்தால் அளவு டயரின் பக்கத்திலேயே அச்சாகி இருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்து அந்த எழுத்தைப் படம் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. 4.00-8 என்றிருந்தால் டயரின் அகலம் 4 அங்குலம், ரிம் 8 அங்குலம், முழு விட்டம் சுமார் 16 அங்குலம். 3.50-8 என்பதும் அதே ரிம்மில் உட்காரும், ஆனால் குட்டையானது. 13x5.00-6 என்று மூன்று எண் இருந்தால் முதலாவது முழு விட்டம், அடுத்தது அகலம், கடைசி ரிம். எழுத்து அழிந்துபோன டயரில் ரிம்மை டேப்பால் அளப்பவர்கள் வழக்கமாக ஓர் அங்குலம் கூடச் சொல்வார்கள். வெளியே தெரியும் இரும்பு விளிம்புக்கு அளந்தால் 8 அங்குல ரிம் 9 என்று காட்டும். டயரின் உள்விளிம்பு உட்காரும் இடம்தான் 8.

டயர் சரியாக இருந்தும் வீல் பொருந்தாமல் போவது நடுவில் இருக்கும் குழலால். வண்டியின் இரு கைகளுக்கு நடுவே அது உட்கார வேண்டும். இரண்டு முனைகளுக்கும் இடையிலான நீளத்தையும், அச்சின் தடிமனையும் அளந்து சொல்லுங்கள். குழல் குட்டையாக இருந்தால் இருபுறமும் பைப் துண்டு போட்டு நிரப்பலாம், நீளமாக இருந்தால் உள்ளேயே போகாது. பேரிங் வைத்த வீலாக இருந்தால் அதன் மேல் உள்ள எண் அச்சைக் காட்டிக்கொடுத்துவிடும்: 6204 என்றால் 20 மி.மீ., 6203 என்றால் 17, 6202 என்றால் 15, 6201 என்றால் 12. குழல் வீலின் நடுவில் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் அதிகமாக நீண்டிருக்கும் வீல்களும் உண்டு. முன்னாலிருந்து எடுத்த படம் இல்லாமல் இது தெரியாது.

படத்தால் பிடிக்கவே முடியாதது ஒன்றுதான். சில வண்டிகளில் அச்சு அசையாமல் நிற்கும், வீல் மட்டும் அதன் மேல் சுற்றும். வேறு சிலவற்றில் அச்சு வீலோடு பற்றவைக்கப்பட்டு, வண்டியின் கைகளில் இருக்கும் தாங்கிகளுக்குள் சேர்ந்து சுற்றும். இரண்டும் நின்ற நிலையில் ஒன்றுபோல இருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வாங்கினால் பூட்ட வழியில்லை. வண்டியைத் தூக்கி வீலைக் கையால் சுழற்றி, அச்சின் முனை தெரியும்படி ஐந்து வினாடி வீடியோ எடுத்து அனுப்பினால் கடைக்காரருக்கு வேறு கேள்வி இருக்காது.