99.83 சதவீதம் சரி, பிடித்த மோசடி பூஜ்யம்

2013 செப்டம்பரில், இரண்டே நாட்களில், ஐரோப்பியர்கள் தங்கள் கிரெடிட் கார்டுகளால் செய்த 2,84,807 பரிவர்த்தனைகளின் பதிவு ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றில் மோசடி 492. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக் குழு கேகிள் தளத்தில் வெளியிட்ட தரவு இது. மெஷின் லேர்னிங் வேலைக்கு நேர்காணலில் கேட்கப்படும் முக்கியமான கேள்விகள் பலவற்றையும் இந்த ஒரே தரவை வைத்துக் கேட்டுவிடலாம்.

பெரும்பாலும் தொடக்கம் இப்படித்தான் இருக்கும்: “உங்க மாடல் 99.8 சதவீதம் சரியா சொல்லுது. நல்ல மாடலா?”

“ஆமாம்” என்பவர் அங்கேயே தடுமாறிவிட்டார். எந்தப் பரிவர்த்தனையைக் காட்டினாலும் “மோசடி இல்லை” என்று மட்டும் சொல்லும் ஒற்றை வரி நிரல்கூட இந்தத் தரவில் 99.83 சதவீதம் சரியாகச் சொல்லும். மோசடி ஆயிரத்தில் இரண்டுகூட இல்லை என்பதால் வந்த மதிப்பெண் அது. அக்யூரசி என்ற அளவுகோல் இங்கே எதையும் அளக்கவில்லை.

அப்படியானால் எதை அளப்பது? தரவில் ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினால் 56,962 பரிவர்த்தனைகள் வரும். மோசடியின் விகிதம் மாறாமல் பிரித்தால் அதில் மோசடி 98. ஒரு மாடல் 90 பரிவர்த்தனைகளைச் சந்தேகத்துக்குரியவை என்று காட்டுகிறது, அவற்றில் 78 உண்மையான மோசடி என்று வைத்துக்கொள்வோம். காட்டிய 90இல் 78 சரி, அதாவது சுமார் 87 சதவீதம், இது பிரிசிஷன். இருந்த 98இல் 78 சிக்கியது, சுமார் 80 சதவீதம், இது ரீகால்.

மாடல் உண்மையில் “மோசடி”, “மோசடி இல்லை” என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பூஜ்யம் முதல் ஒன்று வரை ஒரு மதிப்பைத் தருகிறது. எந்த மதிப்புக்கு மேல் எச்சரிப்பது என்ற எல்லையை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். அந்த எல்லையைத் தாழ்த்தினால் 88 மோசடிகள் சிக்கலாம். கூடவே 800 நல்ல பரிவர்த்தனைகளும் மாட்டிக்கொள்ளலாம். ரீகால் 90 சதவீதத்துக்கு உயரும், பிரிசிஷன் 10 சதவீதத்துக்கு விழும்.

இரண்டில் எது மேல்? இந்தக் கேள்விக்குப் பலரும் எஃப்-1 என்ற அளவை நீட்டுவார்கள். பிரிசிஷனையும் ரீகாலையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் அளவு அது. முதல் நிலைக்கு 0.83, இரண்டாவதற்கு 0.18 என்று அது சொல்லும். முதலாவதே மேல் என்று தோன்றும். ஆனால் கணக்கைப் பணத்தில் போட்டால் கதை மாறுகிறது. தவறவிட்ட ஒரு மோசடியால் வங்கிக்கு 200 யூரோ நட்டம், ஓர் எச்சரிக்கையை விசாரிக்க 2 யூரோ செலவு என்று கொள்வோம். முதல் நிலையில் தவறிய 20 மோசடிக்கு 4,000, விசாரணைக்கு 180, ஆக 4,180 யூரோ. இரண்டாவதில் தவறிய 10 மோசடிக்கு 2,000, விசாரணைக்கு 1,776, ஆக 3,776 யூரோ. எஃப்-1 ஒதுக்கித் தள்ளியதே மலிவு! விசாரணைச் செலவு 5 யூரோவானால் மீண்டும் முதல் நிலையே வெல்கிறது. ஆகவே நல்ல பதில், அளவுகோலின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பதுதான்: “ஒரு மோசடி தப்பினா எவ்வளவு நட்டம்? ஒரு எச்சரிக்கையை விசாரிக்க எவ்வளவு ஆகுது?”

அடுத்து ஓவர்ஃபிட்டிங். ஆழத்துக்கு வரம்பு வைக்காமல் ஒரு டிசிஷன் ட்ரீயை வளர்த்தால், பயிற்சிக்குத் தந்த 394 மோசடிகளையும் ஒன்றுவிடாமல் அடையாளம் காணும்வரை அது கிளை பிரித்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று மோசடிகளுக்காகவே தனிக் கிளை முளைக்கும்; அவற்றில் தற்செயலாக அமைந்த எண்களும் விதியாகிவிடும். பயிற்சியில் முழு மதிப்பெண் எடுத்த அதே ட்ரீ, காணாத தரவில் கணிசமான மோசடிகளைத் தவறவிடுகிறது. பயிற்சி மதிப்பெண்ணுக்கும் சோதனை மதிப்பெண்ணுக்கும் விழும் இந்த இடைவெளிதான் நோயின் அடையாளம்.

பயாஸ், வேரியன்ஸ் இரண்டையும் இதே ட்ரீயில் பார்க்கலாம். பயிற்சிக்கு வேறு பரிவர்த்தனைகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி மறுபடி வளர்த்தால், ஆழமான ட்ரீ ஒவ்வொரு முறையும் வேறு உருவம் எடுக்கும். ஒரே பரிவர்த்தனைக்கு இன்று ஒரு பதில், நாளை வேறு பதில். அந்த அலைச்சல் வேரியன்ஸ். ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திய ட்ரீயோ எத்தனை முறை வளர்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுபோலவே தவறும். மோசடியின் சிக்கலான வடிவத்தை அதனால் பிடிக்கவே முடியாது. அது பயாஸ்.

இங்கே ஒரு பொறிக் கேள்வி வரும்: “இன்னும் நிறைய தரவு கொடுத்தா சரியாகிடுமா?” பயிற்சியில் நன்றாகவும் சோதனையில் மோசமாகவும் செய்யும் மாடலுக்குக் கூடுதல் தரவு கைகொடுக்கும். இரண்டிலும் ஒரேபோல் மோசமாகச் செய்யும் மாடலுக்குக் கோடிப் பரிவர்த்தனைகளைக் கொட்டினாலும் பெரிய பயன் இல்லை. மாடலையே மாற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான ட்ரீக்களின் பதில்களைச் சராசரி எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட்டும் முக்கியமாக வேரியன்ஸைத்தான் குறைக்கிறது. அதன் ஒவ்வொரு ட்ரீயும் ஒரே திசையில் தவறினால் சராசரியும் அதே திசையில்தான் தவறும்.

இடைவெளியே இல்லாவிட்டால் எல்லாம் நலம் என்று நம்பிவிடவும் கூடாது. இந்தத் தரவில் 99.9 சதவீத ரீகால், 99.9 சதவீத பிரிசிஷன் என்று யாராவது காட்டினால், முதலில் கேட்க வேண்டியது ஸ்மோட் எப்போது நடந்தது என்பதுதான். மோசடி மாதிரிகள் குறைவாக இருக்கும்போது, இருப்பவற்றுக்கு இடையே செயற்கையாகப் புதியவற்றை உருவாக்கும் முறை ஸ்மோட். பயிற்சி, சோதனை என்று பிரிப்பதற்கு முன்பே அதைச் செய்தால், பயிற்சியில் இருக்கும் மோசடிகளின் நெருங்கிய உறவுகள் சோதனைக்குள்ளும் போய்விடும். அதோடு, சோதனையில் மோசடி பாதிக்குப் பாதி ஆகிவிடுவதால் பிரிசிஷனும் பொய்யாக வீங்கும். முதலில் பிரித்துவிட்டு, பயிற்சிப் பகுதிக்கு மட்டும் ஸ்மோட் செய்வதே முறை. சோதனைப் பகுதி நிஜ உலகம்போல் ஆயிரத்துக்கு இரண்டு மோசடிக்கும் குறைவாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்பவர்கள் குறைவு. 80 சதவீத ரீகால் உள்ள மாடலைவிட 83 சதவீதம் உள்ளது சிறந்ததா? சோதனையில் இருப்பது வெறும் 98 மோசடி. வித்தியாசம் மூன்றே மூன்று மோசடி. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் 80 சதவீதம் என்பது சுமார் எட்டுப் புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கக்கூடிய ஒரு மதிப்பீடுதான். தரவை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகலாம். பல முறை பிரித்துச் சோதித்து, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் சொல்பவரின் முடிவைத்தான் நம்பலாம்.

நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் விடைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்தத் தரவை இறக்கிக்கொள்வது நல்லது. அதில் `Time` என்ற ஒரு பத்தி உண்டு. முதல் பரிவர்த்தனையிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கை அது. மோசடிக்காரர்கள் நாளுக்கு நாள் வழியை மாற்றுகிறவர்கள் என்பதால், தரவைக் கலைத்துப் பிரிக்காமல் 86,400 நொடிக்கு முன் இருப்பதைப் பயிற்சிக்கும், பின் இருப்பதைச் சோதனைக்கும் வையுங்கள். கலைத்துப் பிரித்தபோது வந்த எண்ணையும் இப்போது வரும் எண்ணையும் அருகருகே எழுதி, வித்தியாசத்துக்குக் காரணம் தேடுங்கள்.